மையக்கோட்டிலிருந்து சாலை ஓரங்கள்: கூர்மூலையில் ஒரு கணக்கு

குமாரபாளையத்தில் எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. மேற்கிலிருந்து கிழக்கே வந்து வடக்கே திரும்பும். இரண்டு பக்கமும் தறிக்குடோன்கள், இடையிடையே வீடுகள். ஆயத்தொலை வடிவியல் பாடத்தை முடித்ததும் அந்தச் சந்தின் வரைபடத்தைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் சார்ட் தாளில் போடலாம் என்று தொடங்கினேன். 1:100 அளவு. தெருவில் ஒரு மீட்டர், தாளில் ஒரு சென்டிமீட்டர். இரண்டு பாடவேளையில் முடியும் என்று நினைத்தது இரண்டு வாரம் இழுத்தது. இழுத்ததற்குக் காரணம் ஒரே ஒரு மூலை.

சாலையை வரைய இரண்டு ஓரங்களையும் தனித்தனியே அளக்க வேண்டியதில்லை. இணையத்தில் உள்ள வரைபடங்கள் பலவற்றிலும் சாலை என்பது நடுவில் ஓடும் ஒரு கோடுதான். சில புள்ளிகளும் அவற்றை இணைக்கும் நேர்க்கோட்டுத் துண்டுகளும். அதன் அகலம் ஓர் எண்ணாகத் தனியே இருக்கும். நாங்களும் அப்படியே செய்தோம். என் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு ஒரு மாணவன் சந்தின் நடுவில் நடந்தான். நடந்த பாதை புள்ளிகளாகப் பதிவானது. அகலத்தை நாடாவால் அளந்தோம்; 6 மீட்டர். ஆகவே மையக்கோட்டிலிருந்து இடப்பக்கம் 3 மீட்டர், வலப்பக்கம் 3 மீட்டர் தள்ளி இரண்டு ஓரக்கோடுகள் வரைய வேண்டும்.

கைப்பேசி தருவது அட்சரேகை, தீர்க்கரேகை. ஒரு டிகிரி அட்சரேகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். நம் ஊர் அட்சரேகையில் ஒரு டிகிரி தீர்க்கரேகை அதைவிடச் சற்றுக் குறைவு, ஏறத்தாழ 109 கிலோமீட்டர். தொடக்கப் புள்ளியிலிருந்து உள்ள வித்தியாசத்தை இவற்றால் பெருக்கினால் மீட்டரில் ஆயத்தொலைவுகள் கிடைத்துவிடும். எங்களுக்குக் கிடைத்தவற்றை முழு எண்களாக்கி எடுத்துக்கொண்டோம்: A(0, 0), B(24, 0), C(20, 3), D(20, 15). கிழக்கு x அச்சு, வடக்கு y அச்சு.

நேரான பகுதியில் சிக்கல் இல்லை. AB-க்கு இணையாக y = 3, y = –3 என்று இரண்டு கோடுகள். CD-க்கு இணையாக x = 17, x = 23. மூலையில் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

பிள்ளைகள் எல்லோரும் முதலில் செய்யும் தவறு ஒன்று உண்டு. அதைச் செய்ய விட்டுவிடுவதே நல்லது. B-க்குப் போகும் முன், நோட்டில் ஒரு செங்கோண மூலையை வரைந்து ஓரங்களைப் போடச் சொன்னேன். பெரும்பாலோர் மூலையில் கோண இருசமவெட்டியை வரைந்து, அதன்மேல் 3 செ.மீ. அளந்து புள்ளி வைத்தார்கள். "அகலம் பாதி 3 தானுங்க சார், மூலையிலயும் 3 தானே?" என்றான் ஒருவன். வரைந்து பார்த்தால் சாலை மூலைக்கு வரும்போது இடுப்பு பிடித்ததுபோல் ஒடுங்குகிறது. இருசமவெட்டியில் 3 போனால் ஒவ்வொரு சாலைத் துண்டிலிருந்தும் செங்குத்துத் தொலைவு 3/√2, அதாவது 2.12 தான். பாவு ஏற்றிய வண்டி திரும்ப வேண்டிய இடத்தில், இரண்டு பக்கமும் 88 சென்டிமீட்டர் குறைந்துபோகிறது.

ஓரம் என்பது மூலைப்புள்ளியிலிருந்து 3 மீட்டர் அன்று, கோட்டிலிருந்து செங்குத்தாக 3 மீட்டர். ஆகவே மூலையின் ஓரப்புள்ளி என்பது இரண்டு இணைகோடுகள் வெட்டும் புள்ளி. செங்கோணத்தில் அது மூலையிலிருந்து 3√2, அதாவது 4.24 மீட்டர் தள்ளி இருக்கும். இந்த ஒரு வாக்கியம் பிடிபட்டால் மற்றது பத்தாம் வகுப்புக் கணக்குத்தான்.

இப்போது B. AB-யின் சமன்பாடு y = 0. BC-யின் சாய்வு –3/4; சமன்பாடு 3x + 4y = 72. இதை 3 மீட்டர் தள்ளி இணையாக வரைய வேண்டும். கோட்டுக்குச் செங்குத்துத் திசை (3/5, 4/5). அத்திசையில் ஒரு மீட்டர் நகர்ந்தால் 3x + 4y-யின் மதிப்பு 9/5 + 16/5 = 5 கூடும். மூன்று மீட்டருக்கு 15. ஆகவே ஓரக்கோடுகள் 3x + 4y = 87, 3x + 4y = 57. முதலாவது வலப்பக்கம், அதாவது மூலையின் வெளிப்பக்கம். இரண்டாவது இடப்பக்கம், உட்பக்கம்.

வெளிப்பக்கம்: y = –3 என்று பிரதியிட்டால் 3x = 99, x = 33. புள்ளி (33, –3).
உட்பக்கம்: y = 3 என்று பிரதியிட்டால் 3x = 45, x = 15. புள்ளி (15, 3).

கணக்கு சரி. ஆனால் மூலை இருப்பது x = 24-இல்; வெளி ஓரம் 33 வரை ஓடிவிட்டது. தாளில் ஒரு நீண்ட கூர்முனை, ஈட்டி மாதிரி, கிழக்கே நீட்டிக்கொண்டு நின்றது. சந்து திரும்பும் அந்தக் கிழக்கு முனையில்தான் எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தியின் வீடு. வீடுகளை அடுத்த நாள் வரைவதாக இருந்தோம். அவள் முதல் நாளே பென்சிலால் தன் வீட்டைப் போட்டிருந்தாள். ஈட்டி அதற்குள் குத்தி நின்றது.

"சார், எங்க வூடு ரோட்டுக்குள்ள வருதுங்களா?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவ்வளவு பெரிய ஊரில்லை இது. அளவெடுக்க ஆள் வந்தால் தெருவே வாசலுக்கு வந்து நிற்கும். எவ்வளவு இடம் உள்ளே வருகிறது என்று கணக்கிடச் சொன்னேன். C-யிலும் இதே முறையில் கணக்கிட்டால் வலப்பக்க ஓரப்புள்ளி (23, 4.5). ஆகவே x = 23 கோட்டுக்குக் கிழக்கே நீட்டிக்கொண்டிருப்பது (23, –3), (33, –3), (23, 4.5) ஆகிய மூன்று புள்ளிகளாலான முக்கோணம். செங்கோண முக்கோணம், பரப்பு ½ × 10 × 7.5 = 37.5 சதுர மீட்டர். நம் கணக்கில் 400 சதுர அடிக்குச் சற்று மேல், ஒரு சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரு சென்ட் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

கூர்முனை ஏன் இப்படி நீள்கிறது? மூலையில் இரண்டு துண்டுகளுக்கு இடையிலுள்ள கோணம் θ என்றால், மூலையிலிருந்து ஓரப்புள்ளியின் தொலைவு, பாதி அகலத்தை sin(θ/2)-ஆல் வகுத்தால் வருவது. செங்கோண முக்கோணம் ஒன்றை வரைந்தால் பிள்ளைகளே இதைக் கண்டுபிடிப்பார்கள். 90° என்றால் பாதி அகலத்தைப் போல் 1.41 மடங்கு. 60° என்றால் sin 30° = ½, ஆகவே சரியாக 2 மடங்கு. B-யில் கோணம் ஏறத்தாழ 37°, 3.16 மடங்கு, அதாவது 9.49 மீட்டர். 20° ஆனால் 5.76 மடங்கு. 10° ஆனால் 11 மடங்குக்கு மேல். கோணம் குறையக் குறைய ஈட்டிக்கு எல்லையே இல்லை.

வரைகலை மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் இந்தத் தொல்லை உண்டு. அதனால் மூலையை முடிக்க மூன்று வழிகள் வைத்திருக்கின்றன. QGIS என்ற இலவச வரைபட மென்பொருளில் Miter, Bevel, Round என்று அவை திரையில் தெரியும். முதலாவது, நாங்கள் செய்த கூர்முனை. இரண்டாவது, முனையை நேராக வெட்டிவிடுவது. மூன்றாவது, மூலைப்புள்ளியை மையமாக வைத்துப் பாதி அகல ஆரத்தில் வில் போடுவது. கூர்முனைக்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. மேலே சொன்ன மடங்கு அந்த வரம்பைத் தாண்டினால் முனை வெட்டுப்படும். QGIS தானாக வைத்திருக்கும் வரம்பு 2, ஆகவே 60°-க்குக் குறைந்த மூலைகளில் ஈட்டி வராது. இணையப் பக்கங்களில் படம் வரையும் SVG-இல் `stroke-miterlimit` என்பதன் இயல்பு மதிப்பு 4. அது 29° வரை ஈட்டியை விட்டுவைக்கும். எங்கள் B மூலையின் 3.16 மடங்கு ஒன்றில் வெட்டுப்படும், மற்றதில் முழு நீளத்துக்கு நிற்கும். ஒரே சாலை இரண்டு மென்பொருளில் இரண்டு மாதிரி தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றில் எது சரி? வெட்டுமுனையைப் போட்டுப் பார்த்தோம். வெளிப்பக்கத்தில் AB-யின் ஓரம் B-க்கு நேராக (24, –3)-இல் முடிகிறது. BC-யின் ஓரம் (25.8, 2.4)-இல் தொடங்குகிறது. இரண்டையும் நேர்க்கோட்டால் இணைத்தால் அது B-யிலிருந்து வெறும் 95 சென்டிமீட்டரில் கடந்துபோகிறது. மூன்று மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மீட்டர்கூட இல்லை. சிறிய திருப்பங்களுக்கு வெட்டுமுனை பாதகமில்லை. கூர்மூலையில் அது முதலில் சொன்ன தவறையே வேறு வழியில் கொண்டுவந்துவிடுகிறது.

வில்தான் வரையறைக்குப் பொருந்துவது, ஏனெனில் வில்லின் ஒவ்வொரு புள்ளியும் மையக்கோட்டிலிருந்து சரியாக 3 மீட்டர். கையால் வரைய காம்பஸ் போதும். கணினி வில்லைச் சிறு நேர்க்கோடுகளாக உடைத்துத்தான் வரையும். எங்கள் வில் 143°. நான்கு துண்டாக உடைத்தால் நடுவில் 14.5 செ.மீ. பிசகும், எட்டுத் துண்டாக்கினால் 3.6 செ.மீ. நம் தாளில் அது 0.36 மில்லிமீட்டர், பென்சில் கோட்டின் தடிமனுக்குள் மறைந்துவிடும்.

இந்த மூன்று வழியும் வெளிப்பக்கத்துக்கு மட்டும்தான் என்பதை மறக்கக் கூடாது. உட்பக்கத்தில் இரண்டு ஓரங்களும் விலகிப் போவதில்லை, ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. அங்கே எப்போதும் வெட்டும் புள்ளிதான். ஒரு குழு உட்பக்கமும் வில் போட்டு, சாலைக்கு நடுவில் ஒரு பிறை நிலாவைக் கொண்டுவந்துவிட்டது.

வில் போட்டதும் வீடு தப்பியதா என்று பார்த்தோம். இல்லை. வில் x = 27 வரை போகிறது. வெட்டுமுனைகூட 25.8 வரை போகிறது. மூலையை எப்படி முடித்தாலும் சாலை 23-ஐத் தாண்டி அவள் வீட்டுக்குள்தான். அப்படியானால் பிழை மூலையை முடிக்கும் முறையில் இல்லை.

உட்பக்கத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. B-யின் உட்பக்கப் புள்ளி (15, 3) என்று கண்டோம். C-யின் இடப்பக்கப் புள்ளி, 3x + 4y = 57, x = 17 ஆகிய கோடுகள் வெட்டுமிடம்; (17, 1.5). மையக்கோட்டில் B-யிலிருந்து C-க்குப் போவது மேற்கு நோக்கி, சற்று வடக்கே. ஓரத்தில் (15, 3)-லிருந்து (17, 1.5)-க்குப் போவது கிழக்கு நோக்கி, சற்றுத் தெற்கே. திசை நேர் எதிராகிவிட்டது. தாளில் உள் ஓரம் ஒரு சிறிய முடிச்சாகத் தன்னைத்தானே குறுக்கிட்டது.

காரணம் துண்டின் நீளம். B-யில் உள் ஓரம் மூலையிலிருந்து 9 மீட்டர் பின்வாங்குகிறது. பாதி அகலத்தை tan(θ/2)-ஆல் வகுத்தால் வருவது அது. BC-யின் நீளமோ 5 மீட்டர்தான். ஐந்தில் ஒன்பது போக முடியாது. C-யில் சாலை மறுபக்கம் திரும்புவதால் 1.5 மீட்டர் திரும்பக் கிடைக்கிறது. 5 – 9 + 1.5 = –2.5. முடிச்சில் உள்ள துண்டின் நீளமும் 2.5 தான், குறையடையாளம் திசை புரண்டதைச் சொல்கிறது. எந்தச் சாலையிலும் இதைச் சோதிக்கலாம்: ஓரத்தின் ஒவ்வொரு துண்டையும் அதன் மையத்துண்டோடு ஒப்பிட்டு, திசை எதிராக இருந்தால் அந்தத் துண்டு சாலையில் இல்லை என்று கொள்ள வேண்டும். அதை நீக்கிவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஓரங்களை வெட்டவிட வேண்டும். இங்கே அவை y = 3, x = 17. வெட்டும் புள்ளி (17, 3). சுத்தமான ஒரு செங்கோணம்.

உட்பக்கம் செங்கோணம் என்கிறது. வெளிப்பக்கம் ஈட்டி என்கிறது. நடந்த மாணவனைக் கேட்டேன். "முனையில ஒரு டெம்போ வந்துச்சுங்க சார், ஒதுங்கி நின்னேன்" என்றான். திறந்த வெளியிலேயே கைப்பேசியின் இருப்பிடம் நான்கைந்து மீட்டர் விலகும். சுவர்களுக்கு நடுவே இன்னும் அதிகம். நின்ற இடத்தில் புள்ளி கிழக்கே தாவியிருக்கிறது, நடக்கத் தொடங்கியதும் திரும்பி வந்திருக்கிறது. அந்த 4 மீட்டர் கொக்கிதான் எங்கள் கூர்மூலை. தெருவில் அப்படி ஒரு மூலையே இல்லை.

மறுநாள் 30 மீட்டர் நாடாவை எடுத்துக்கொண்டு போனோம். மூலை செங்கோணமா என்று 3–4–5 கயிறு பிடித்துப் பார்த்தோம். கொத்தனார் வீட்டுப் பையன் ஒருவன் எனக்குச் சொல்லிக்கொடுக்கும் தோரணையில் அதைச் செய்தான். செங்கோணம்தான். மையக்கோட்டின் மூலை (20, 0). வெளி ஓரம் (23, –3). அவள் வீட்டுச் சுவர் 23.4-இல் தொடங்கியது. நடுவில் இருந்த 40 சென்டிமீட்டரில் ஒரு படிக்கல்லும் துளசிச் செடியும். சார்ட்டில் அந்தப் படிக்கல்லையும் அவளே வரைந்தாள்.

மேல்நிலை வகுப்பில் பைத்தான் படிக்கும் பிள்ளைகளுக்கு இதையே நிரலாகக் கொடுக்கலாம். செங்குத்து அலகு வெக்டர்கள் இரண்டையும் கூட்டி, 1 + அவற்றின் புள்ளிப் பெருக்கலால் வகுத்தால் வெட்டும் புள்ளி நேராகக் கிடைக்கும். சமன்பாடு தீர்க்க வேண்டியதில்லை.

```python
from math import hypot

def normal(p, q):
    dx, dy = q[0]-p[0], q[1]-p[1]
    L = hypot(dx, dy)
    return -dy/L, dx/L

def corner(a, b, c, h):
    n1, n2 = normal(a, b), normal(b, c)
    k = 1 + n1[0]*n2[0] + n1[1]*n2[1]
    mx = h*(n1[0] + n2[0])/k
    my = h*(n1[1] + n2[1])/k
    return (b[0]+mx, b[1]+my), (b[0]-mx, b[1]-my)

print(corner((0,0), (24,0), (20,3), 3))
```

முதலில் வருவது இடப்பக்கப் புள்ளி, அடுத்தது வலப்பக்கம். 15, 3, 33, –3 ஆகியவற்றுக்கு மிக நெருங்கிய எண்கள் வரும்; கடைசி தசமங்களில் சிறு பிசிறு இருந்தால் அது கணினியின் வகுத்தல் பிசிறு, கணக்கின் தவறன்று. இரண்டு இடங்களில் இந்த நிரல் `ZeroDivisionError` என்று நிற்கலாம். ஒன்று, அடுத்தடுத்த இரண்டு புள்ளிகள் ஒன்றாக இருந்தால் L பூச்சியம். ஒருவர் நின்றுகொண்டிருக்கும்போது இது அடிக்கடி நேரும். அப்படிப்பட்ட புள்ளிகளை முன்பே நீக்க வேண்டும். மற்றது, பாதை வந்த வழியே திரும்பினால் கணக்கில் k பூச்சியம்; கணினியின் பிசிறால் பூச்சியத்தை ஒட்டிய எண்ணாக வந்தால் நிரல் நிற்காமல் தவறான புள்ளியைத் தரும். அதற்கு வெட்டும் புள்ளியே கிடையாது, வில் ஒன்றுதான் வழி. வகுப்பில் k-யைத் தனியே அச்சிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 60° மூலையில் அது 0.5. அதற்குக் கீழே போனால் அந்த மூலையை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். அது எங்கள் வசதிக்கான எல்லை, விதி அன்று.

பாடம் முடிந்தபிறகு ஒருவன் கேட்டான், கொல்லிமலை ரோட்டில் நிஜமாகவே கூர்மூலை இருக்கிறதே, அங்கே என்ன செய்வது என்று. நம் மாவட்டத்து மலைதான். 70 கொண்டை ஊசி வளைவுகள். நல்ல கேள்வி. அங்கேயும் உண்மையில் மூலை இல்லை, வில்தான் இருக்கிறது. வளைவுக்கு ஒரே புள்ளி வைத்தால் ஈட்டி வரும். வளைவைச் சுற்றி எட்டுப் பத்துப் புள்ளிகள் வைத்தால் ஒவ்வொன்றிலும் திருப்பம் சிறிதாகி ஈட்டி மறைந்துவிடும். மையக்கோட்டின் ஆரத்திலிருந்து பாதி அகலத்தைக் கழித்தால் உள் ஓரத்தின் ஆரம். அது பூச்சியத்துக்குக் கீழே போனால்தான் உட்பக்கம் முடிச்சு விழும். மலைச்சாலைக்கான இந்தியச் சாலைக் காங்கிரஸ் வரையறை கொண்டை ஊசி வளைவின் உள்வளைவுக்குக் குறைந்தது 14 மீட்டர் ஆரம் கேட்கிறது. அப்படி அமைந்த வளைவில் முடிச்சு விழுந்தால் புள்ளிகள் தப்பு.

ஆனால் ஓர் இடத்தில் எங்கள் முறை அங்கே பொய்த்துப்போகும். பேருந்து திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்துக்கு உள்ளே வெட்டிக்கொண்டு வரும், அதனால் வளைவில் சாலையை அகலப்படுத்தியிருப்பார்கள். நேர்ப்பகுதியில் அளந்த அகலத்தை வைத்து வளைவின் ஓரத்தை வரைந்தால் தாளில் சாலை குறுகலாகத்தான் வரும். வளைவின் நடுவில் தனியே அளந்து, அங்கே h-க்கு வேறு மதிப்புக் கொடுக்க வேண்டும். அடுத்த சுற்றுலா கொல்லிமலைக்கு என்றால் நாடா கொண்டுவருவதாக அவன் சொல்லியிருக்கிறான்.